‘கவனிக்கவும்’ என்று எழுதிய பிறகு

கேள்வி: “திருப்பூர் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருசம் ஆகிறது. ஆறாவது படிக்கும் ஒரு பையனுக்கு இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. அப்பா பனியன் கம்பெனியில் டைலர், கூப்பிட்டால் வருவதில்லை. கடிதம் எழுதலாம் என்று மூன்று நாளாக உட்காருகிறேன், முதல் வரியைத் தாண்டவில்லை. எப்படி எழுதுவது?”

மாதிரிக் கடிதம் ஒன்றை எழுதிக் கொடுக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் அது உங்களுக்கு உதவாது. உங்கள் கை முதல் வரியிலேயே நிற்கிறது என்றால், எழுதும் சொல் அந்த வீட்டுக்குள் போய் என்ன செய்யுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பயம் சரியானது. எனக்கு அது இல்லாமல் போனதால் ஒரு பையன் அடி வாங்கினான். அதற்குப் பிறகு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரே கடிதத்தை நான்கு தடவை எழுதினேன். அந்த ராத்திரியைச் சொல்கிறேன், அதிலிருந்து உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருபத்தொன்பது வருடம் தமிழாசிரியை. பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடையில் ஒரு ஊரில், ஒன்று முதல் எட்டு வரை உள்ள பள்ளி. ஊரில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் தறிக்குப் போகிறவர்கள். இது நடந்தது 2018, ஆறாம் வகுப்புக்குப் புதுப் பாடப்புத்தகம் வந்த வருடம். புத்தகம் கனமாகிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், என் வகுப்பில் பழைய இரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே வாசிக்க முடியாத ஒரு பையன் இருந்தான். எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் வருடா வருடம் ஏறி வந்துவிட்டான். பெயர் வேண்டாம், பையன் என்றே சொல்கிறேன். காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை அவன் நோட்டில் சிவப்பு மையில் இரண்டு சொல் எழுதினேன்: “வாசிப்பதில்லை. கவனிக்கவும்.” நாற்பது நோட்டு திருத்துகிற வேகத்தில் எழுதியது, எழுதியது எனக்கு ஞாபகம்கூட இல்லை.

திங்கட்கிழமை அவன் பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் மெல்லிசாக இரண்டு கோடு, விரல் நீளம், நடுவில் வெளுத்து ஓரம் சிவந்திருந்தது. கேட்டதற்கு வண்டி சைலன்சர் பட்டுவிட்டது என்றான். சத்துணவு வரிசையில் அவன் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் நாலாவது, துடியான பிள்ளை, கேட்காமலே சொன்னாள்: “நோட்டுல நீங்க கவனிக்கச் சொல்லியிருந்தீங்கல்லங் டீச்சர், அதான் எங்கப்பா நல்லா கவனிச்சுருச்சு. நான்தானுங் படிச்சுக் காட்டுனேன்.” கடைசி வாக்கியத்தை அவள் பெருமையாகத்தான் சொன்னாள். அதில் இருந்த விசயம் எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

கவனிப்பது என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? “அவனைக் கொஞ்சம் கவனிச்சு அனுப்பு” என்றால் யாரும் சோறு போடச் சொன்னதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தமிழ் சொல்லிக் கொடுக்கிற நானே அந்தச் சொல்லை யோசிக்காமல் அனுப்பினேன், அவர் தனக்குத் தெரிந்த அர்த்தத்தில் வாங்கிக்கொண்டார். அவர் மேல் கோபம் வந்தது, அதைவிட என் மேல் வந்தது.

அன்றைக்கே தொடங்கி மூன்று நாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவனைத் தனியாக உட்கார வைத்தேன். கடிதம் எழுதும் முன் நீங்களும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் “வாசிக்க வரவில்லை” என்பது ஒரு முடிவு. எங்கே, எப்படி வரவில்லை என்று பார்த்திருந்தால்தான் அப்பாவிடம் சொல்ல நமக்கு ஏதாவது இருக்கும். முதல் நாள் அவனிடம் ஏற்கெனவே நடத்திய ஒரு பாட்டைக் கொடுத்தேன். விரல் வைத்துக்கொண்டு தடங்காமல் வாசித்தான். எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது, இவ்வளவு நாள் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று. அப்புறம் விரலைப் பார்த்தேன். வாய் இரண்டாவது அடியில் இருந்தது, விரல் நாலாவது அடிக்குப் போய்விட்டது. பாட்டு முழுக்க அவனுக்கு மனப்பாடம், எழுத்தை அவன் பார்க்கவே இல்லை. ஐந்து வருடமாக அப்படித்தான் சமாளித்திருக்கிறான், வகுப்பில் மற்றவர்கள் வாசிக்கும்போது காதில் வாங்கி.

இரண்டாம் நாள் நடத்தாத பாடத்திலிருந்து ஒரு பத்தி. ‘கொக்கு’ என்ற சொல்லில் நின்றான். நம் எழுத்தில் ‘கொ’ என்றால் ஒற்றைக் கொம்பு முதலில் வருகிறது, அப்புறம் க, அப்புறம் கால். காதில் கேட்பதோ க் என்ற ஒலி முதலில். எல்லாக் குழந்தையும் இதில் கொஞ்ச நாள் தடுமாறும், இரண்டாவது மூன்றாவதில் சரியாகிவிடும். இவன் கொம்பைத் தனியாகப் பார்த்துவிட்டு ‘கெ’ என்று ஆரம்பித்தான், அப்புறம் காலைப் பார்த்து ‘கா’ என்றான், படத்தைப் பார்த்து ‘நாரை’ என்றான். நான் சொல்லிக் கொடுத்ததும் ‘கொக்கு’ என்றான். அடுத்த வரியிலேயே அதே சொல் வந்தது, முன்பின் பார்க்காத சொல் மாதிரி மறுபடியும் கொம்பிலிருந்து ஆரம்பித்தான். மூன்றாம் நாள் சொல்வதை எழுதச் சொன்னேன். ‘வெளிச்சம்’ என்ற சொல்லை மூன்று தடவை சொன்னேன், மூன்று விதமாக எழுதினான், மூன்றிலும் புள்ளி வேறு வேறு இடத்தில். அதே நாள் வாய்க்கணக்கு கேட்டேன். மீட்டர் பதினெட்டு ரூபாய்க்கு இருபத்தைந்து மீட்டர் எவ்வளவு என்று முடிப்பதற்குள் நானூத்தம்பது என்றான்.

ல, ள, ழ குழப்பத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிற ஆசிரியர்கள் பெரும்பாலும் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். மழையும் மலையும் பேச்சிலேயே ஒன்றாகிவிட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை எழுத்தில் மாற்றினால் அதில் அதிசயம் இல்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் மாற்றுவார்கள். ஒரே சொல் ஒரே பக்கத்தில் நிலையாக நிற்காமல் போவதும், காதுக்கும் வாய்க்கும் இருக்கிற கெட்டித்தனம் கண்ணுக்கு வரும்போது காணாமல் போவதும்தான் என்னை யோசிக்க வைத்தது.

வட்டார வள மையத்தில் அடுத்த வாரம் வியாழக்கிழமை மருத்துவ மதிப்பீட்டு முகாம் என்று தகவல் வந்திருந்தது. அதற்கு அப்பாவோ அம்மாவோ கூட வர வேண்டும். புதன்கிழமை ராத்திரி, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, ஒன்பதரைக்கு ஒரு முழுத்தாளை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று காடு தள்ளி ஒரு தறிக்குடோன். ராத்திரி ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எங்களுக்குச் சத்தமாகவே தெரியாது, அது இருந்தால்தான் தூக்கம் வரும்.

முதல் கடிதம் கால் மணி நேரத்தில் முடிந்தது. “தங்கள் மகன் ஆறாம் வகுப்புக்கு வந்தும் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக்கூட வாசிக்க இயலாத நிலையில் உள்ளான். அடிப்பதால் குழந்தைக்குப் படிப்பு வராது என்பதைத் தாங்கள் உணர வேண்டும்.” எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதை வாங்குகிறவருக்கு என்ன தெரியும்? தன் பையன் உருப்படவில்லை என்பதும், அதைச் சரிசெய்யத் தான் செய்ததும் தப்பு என்பதும். அடுத்து என்ன செய்வது என்று ஒரு சொல் இல்லை. அவர் இதற்கு முன்பு ஒரே ஒரு தடவை பள்ளிக்கு வந்தபோது என்னிடம் சொன்னது ஞாபகம் வந்தது. “படிப்பு ஏறலீன்னா உட்டுருங்க டீச்சர், ரெண்டு வருசத்துல தறிக்குக் கூட்டிட்டுப் போயிடறன்.” அந்த வாசலை நானே அகலத் திறந்து வைக்கிற கடிதம் அது. மடித்துக் கீழே போட்டேன்.

இரண்டாவது கடிதத்தில் படித்தவள் மாதிரி எழுதினேன். கற்றல் குறைபாடு, டிஸ்லெக்சியா, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதில் சொல்லியிருக்கும் 21 வகைகளில் இதுவும் ஒன்று, பொதுத்தேர்வில் கிடைக்கும் சலுகைகள் எல்லாம் வந்துவிட்டன. ஒரு பக்கம் நிறைந்தது, பார்க்க கௌரவமாகவும் இருந்தது. திரும்ப வாசித்தபோது ‘குறைபாடு’ என்ற இடத்தில் கண் நின்றது. அந்தச் சொல் அவர் வீட்டில் என்னவாகக் கேட்கும்? மூளை சரியில்லை என்று கேட்கும். பக்கத்து வீட்டுக்குப் போகும்போது இன்னும் மோசமாகப் போகும். அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது, இது டிஸ்லெக்சியா என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. கண் பார்வையும் காதும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். இடையில் நிறைய நாள் பள்ளிக்கு வராமல் போனதா, முதல் இரண்டு வருடம் யாரும் எழுத்தே சரியாகச் சொல்லித் தராததா என்று பார்க்க வேண்டும். அதெல்லாம் கழிந்த பிறகு மனநல மருத்துவரோ உளவியலாளரோ அறிவுத்திறன் சோதனையும், வாசிப்பு எழுத்து கணக்கு என்று தனித்தனிச் சோதனையும் வைத்துத்தான் அந்தப் பெயரை வைப்பார்கள். மூன்று மதிய வேளை உட்கார்ந்து பார்த்த தமிழ் டீச்சர் வைக்கிற பெயர் இல்லை அது.

தாளைத் திருப்பி நடுவில் ஒரு கோடு கிழித்தேன். இடது பக்கம் ‘பார்த்தது’, வலது பக்கம் ‘நினைப்பது’. விரல் நாலாவது அடியில், வாய் இரண்டாவது அடியில் இருந்தது இடது பக்கம் போனது. கொக்கு, வெளிச்சம், நானூத்தம்பது, எல்லாம் இடது பக்கம். டிஸ்லெக்சியா வலது பக்கம். சோம்பேறி இல்லை என்பதை எங்கே போடுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். சோம்பேறியா இல்லையா என்பது மனசுக்குள் இருப்பது, நான் எப்படிப் பார்க்க முடியும்? ஆனால் அந்த மூன்று நாளும் மற்ற பையன்கள் மைதானத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது அவன் எழுந்து போகவில்லை, நெற்றியில் வேர்க்க வேர்க்க அதே பத்தியில் நின்றான். அதைப் பார்த்தேன். ‘தினமும் முயற்சி செய்கிறான்’ என்று இடது பக்கம் எழுதினேன். கடைசிக் கடிதம் முழுக்க அந்த இடது பக்கத்திலிருந்து வந்ததுதான்.

ஆனால் அதற்கு முன் மூன்றாவது ஒன்று எழுதினேன், அதுவும் கெட்டுப்போனது. அடி வாங்கினது நம்மால்தானே என்ற குற்ற உணர்ச்சியில் ஆரம்பித்து இரண்டரைப் பக்கம் போய்விட்டது. மன்னிப்பு, பையனின் நல்ல குணம், அவன் பெஞ்சை அவனே துடைப்பது, சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பது, படிப்பு மட்டும் வாழ்க்கை இல்லை. நடுவில் அவருக்குப் புரியட்டும் என்று தறியை வைத்து ஒரு உவமையும் போட்டேன். தறி நின்றால் தறியை அடிப்பதில்லையே, எந்த இழை அறுந்தது என்று பார்த்துத்தானே முடிச்சுப் போடுகிறீர்கள் என்று. எழுதும்போது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பத்து நிமிடம் கழித்து வாசித்தால், தறி ஓட்டுகிறவருக்கு நான் தறி சொல்லிக் கொடுக்கிறேன், போதாததற்கு அவர் பையனை அறுந்த இழை என்கிறேன். அந்த வரிகளைக் கோடு போட்டு அடித்தேன். முகாமுக்குக் கூட்டிவரச் சொன்ன வரி எங்கே என்று தேடினேன், இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வாக்கியத்தின் பாதியில் கிடந்தது. ராத்திரி எட்டு மணிக்குத் தறிக்குப் போய்க் காலை எட்டு மணிக்கு வீடு வருகிற ஒருவர், காதில் இன்னும் இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பாதி வாக்கியத்தைக் கண்டுபிடிப்பாரா?

மணி ஒன்றே முக்கால் இருக்கும், கரண்ட் போனது. ஃபேன் நிற்பதற்கு முன்னால் தறிச் சத்தம் நின்றதுதான் தெரிந்தது. ஊரே ஒரு நொடியில் வெளியே போய்விட்ட மாதிரி இருந்தது. எமர்ஜென்சி விளக்கை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த அமைதியில் கடிதத்தை வாய்விட்டு வாசித்தேன், அவர் வாசிப்பதுபோல. அப்போதுதான் அவர் கையெழுத்து கண் முன்னால் வந்தது. மதிப்பெண் அட்டையில் போட்டிருந்தது, மூன்று எழுத்து, ஒவ்வொன்றும் தனியாக நின்றுகொண்டு, கடைசி எழுத்தின் சுழி முடியாமல். அவர் வாசிக்க மாட்டார். “நான்தானுங் படிச்சுக் காட்டுனேன்” என்று அந்தப் பிள்ளை திங்கட்கிழமையே சொல்லிவிட்டாள், நான் புதன்கிழமை நடுராத்திரியில் கேட்கிறேன்.

நாலாவது படிக்கிற தங்கச்சி, வாசல் திண்ணையில் நின்றுகொண்டு, அப்பாவுக்கு, அம்மாவுக்கு, திண்ணையில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு, வாசிக்கத் தெரியாத அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் கடிதத்தைச் சத்தமாகப் படிக்கப் போகிறாள். எழுத ஆரம்பித்ததிலிருந்து நான் எழுதியதெல்லாம் ஒரு பெரிய மனிதர் தனியாக உட்கார்ந்து கண்ணால் வாசிப்பதற்கு. இப்போது அந்த மூன்று தாளையும் அவள் வாயில் வைத்துப் பார்த்தேன். “அடிப்பதால் படிப்பு வராது என்பதைத் தாங்கள் உணர வேண்டும்” என்று ஒன்பது வயதுப் பிள்ளை அப்பாவைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் படித்தால் அவர் முகம் எங்கே போகும்? அதற்கான கணக்கு அன்றைக்கு ராத்திரி யார் மேல் தீரும்? ‘குறைபாடு’ என்று அவள் படித்தால் அடுத்த நாள் விளையாட்டுச் சண்டையில் அண்ணனை அவள் என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? ‘மதிப்பீட்டு முகாம்’ என்பதை அவளால் தடங்காமல் படிக்க முடியுமா?

நாலாவது கடிதம் எழுத இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது, இருந்ததோ முக்கால் பக்கம். எழுதியதைவிட அடித்தது அதிகம். அவள் மூச்சு வாங்காமல் படிக்கிற அளவுக்கு வாக்கியத்தைக் குறைத்தேன். அவர் பையனை அடித்ததைப் பற்றி எழுதவில்லை, அதை நேரில் அவர் ஒருவரிடம் மட்டும் சொல்வது என்று முடிவு செய்தேன். ‘தங்கள்’ போய் ‘உங்கள்’ வந்தது. அது இப்படி:

“வணக்கமுங்க. உங்கள் பையனின் வகுப்பு டீச்சர் எழுதுகிறேன். போன வாரம் நோட்டில் கவனிக்கவும் என்று எழுதினேன். அப்படி எழுதியது என் தப்பு. பையன் மேல் தப்பு இல்லை. பையன் ஒரு முறை கேட்டதை மறப்பதில்லை. வாய்க்கணக்கு வகுப்பில் அவன்தான் முதலில் சொல்கிறான். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கும்போது சிரமப்படுகிறான். தினமும் முயற்சி செய்கிறான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஏன் சிரமப்படுகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணா, காதா, வேறு எதுவுமா என்று டாக்டர் பார்த்தால் தெரியும். அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பார்க்கிறார்கள். காசு இல்லை. நானும் கூட வருகிறேன். நீங்களோ பையனின் அம்மாவோ வர வேண்டும். அதற்கு முன் ஒரு நாள் பள்ளிக்கு வாருங்கள், பேசுவோம். உங்களுக்கு எப்போது முடியும் என்று பையனிடம் சொல்லி அனுப்பினால் போதும்.”

‘மட்டும்’ என்ற ஒரு சொல்லைப் போடுவதா எடுப்பதா என்றே கால் மணி நேரம் போனது. “படிக்கும்போது மட்டும் சிரமப்படுகிறான்” என்றால் ஆறுதலாக இருக்கிறது, ஆனால் எழுதும்போதும் சிரமப்படுகிறான், நான் பார்த்திருக்கிறேன். எடுத்துவிட்டேன். “ஏன் என்று எனக்குத் தெரியவில்லை” என்ற வரியைப் போடவும் கை கூசியது. டீச்சருக்கே தெரியவில்லை என்றால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம்தான். ஆனால் அந்த வரி இருந்தால்தான் டாக்டரிடம் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான்கு மணி வாக்கில் கரண்ட் வந்து தறி மறுபடி ஓட ஆரம்பித்தபோது ஒரு நல்ல தாளில் பெரிய எழுத்தில் பிரதி எடுத்தேன்.

காலையில் மணி அடிப்பதற்கு முன் பையனை வராந்தா ஓரமாகக் கூப்பிட்டு, கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அவனைப் பற்றிய கடிதம், அதைச் சுமந்துகொண்டு போகப் போகிறவனும் அவன், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவன் தூக்கிப் போகக் கூடாது என்று தோன்றியது. தலையைக் குனிந்து கேட்டான். “தினமும் முயற்சி செய்கிறான்” என்ற இடத்தில் ஒரு தடவை நிமிர்ந்தான், அவ்வளவுதான். முடித்துவிட்டு, ஏதாவது மாற்றணுமா கண்ணு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: “வியாழக்கெழமை ஆவாதுங் டீச்சர். அடுத்த வாரமும் எங்கப்பாவுக்கு நைட் ஷிப்டு. பத்து மணிக்கு நல்லாத் தூங்குமுங். எழுப்புனா கோவம் வரும். எட்டு மணிக்கு வரும்போதே இங்க வரச் சொல்லி எழுதுங்க, நேராப் போயிக்கலாம்.” ராத்திரி முழுக்க உட்கார்ந்த எனக்கு இது தோன்றவில்லை. அந்த வரியை அவன் சொன்னபடியே மாற்றி எழுதினேன். சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கு வேண்டாம் என்றும் சொன்னான், நாளைக்கே கொடுத்துவிடுகிறேன் என்றான்.

அவர் திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கே வந்துவிட்டார், தலையில் புருவத்தில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அடித்ததைப் பற்றி நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவரே, “நீங்க எழுதுனதுக்கு நான் அப்படி அர்த்தம் பண்ணிட்டனுங்க” என்றார். அப்புறம் மெதுவாக, “எனக்கும் எழுத்து நிக்காதுங்க, மூணாவதோட எங்கய்யன் நிறுத்திட்டாரு” என்றார். டிஸ்லெக்சியா குடும்பத்தில் வரக்கூடியது என்பது தெரிந்த விசயம். ஆனால் அவருக்கும் அதுதான் இருந்ததா என்று நான் சொல்ல முடியாது, அந்தக் காலத்தில் மூணாவதோடு நின்றவர்களுக்கு வேறு நூறு காரணம் இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை முகாமில் கண்ணும் காதும் சரி என்றார்கள். அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள், மூன்று தடவை அலைந்தோம், கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் வர அடுத்த கோடை ஆகிவிட்டது. அதற்குள் அவன் மாயமாக வாசிக்கத் தொடங்கிவிடவில்லை. வள மையத்திலிருந்து வாரம் ஒரு நாள் வந்த சிறப்பாசிரியர் மணலில் எழுத வைத்து, ஒரு நாளைக்கு ஒரே கொம்பெழுத்து என்று கொண்டுபோனார். எட்டாவது முடிக்கும்போது மெதுவாக, விரல் வைத்து, பாடத்தில் ஒரு பக்கம் வாசிப்பான். பத்தாம் வகுப்பில் அந்தச் சான்றிதழுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுத ஒருவரும் கிடைத்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், சட்டமும் சலுகையும் வீண் இல்லை, முதல் கடிதத்தில் அவற்றுக்கு இடம் இல்லை, சான்றிதழ் கைக்கு வந்த பிறகு சொன்னால் போதும்.

உங்கள் பையன் விசயத்தில் எனக்குத் தெரியாதது நிறைய. அவனுக்கு வராமல் போனது இதே காரணத்தால்தானா என்று தூரத்திலிருந்து யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். முதலில் அவனோடு இரண்டு மூன்று நாள் உட்காருங்கள், நடத்தாத பத்தியைக் கொடுங்கள், நடுவில் கோடு போட்ட தாளில் எழுதுங்கள். கூப்பிட்டால் வராத அவன் அப்பா மேல் உங்களுக்குக் கோபம் இருந்தால் அதையும் ஒரு தாளில் முழுசாக எழுதித் தீர்த்துவிடுங்கள், அதைக் கிழித்துப் போடுங்கள், என் முதல் கடிதம் எனக்கு அதற்குத்தான் பயன்பட்டது. பையன் உடம்பில் காயம் திரும்பத் திரும்ப வந்தாலோ பெரிதாக இருந்தாலோ கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் நேரம் இல்லை அது, தலைமையாசிரியரிடம் சொல்லி 1098க்குக் கூப்பிடுங்கள். என் பையன் கால் கோட்டைப் பார்த்த அன்றே நான் தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்க வேண்டும், மூன்று நாள் தாமதித்தது சரியில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அப்புறம், கூப்பிட்டால் வருவதில்லை என்கிறீர்கள். எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள்? பனியன் கம்பெனியில் சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர் பகல் பதினொரு மணிக்கு வந்தால் அரை நாள் கூலி போகும், பீஸ் ரேட் என்றால் கூட வேலை செய்கிற ஆளுக்கும் சேர்த்து வேலை நிற்கும். உங்கள் கடிதத்தை அந்த வீட்டில் யார் படித்துக் காட்டுவார்கள், அப்பா இந்த வாரம் ஒரு ஷிப்டா ஒன்றரை ஷிப்டா என்று நாளைக் காலையில் பையனிடமே கேட்டுவிடுங்கள். முதல் வரியை அதற்கப்புறம் எழுதலாம்.